எழுதாமல் விட்ட காரணம்

சில வாரங்களாக ஒரு மின்னஞ்சல் என் மனத்தை விட்டுப் போகவில்லை. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கும் என் அக்கா மகள், தன்னைத் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு மாற்றச் சொல்லி மனிதவளத் துறைக்கு எழுதியது. மருத்துவமனை நிர்வாகத்தில் ஆள் விவகாரம் பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால் அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினாள். நல்ல கடிதம். ஒரு வரிகூடப் பொய்யில்லை. இன்னதைக் கேட்கிறேன், இதனால் கேட்கிறேன், இன்னது எனக்குத் தெரியாது, அதை இப்படிக் கற்றுக்கொள்கிறேன் என்று தெளிவாக இருந்தது. ஆனாலும் படித்து முடித்ததிலிருந்து ஒரு நெருடல். அவள் போக விரும்பும் வேலை, வார்டில் நடப்பதைப் பார்த்து, எண்ணி, மறைக்காமல் எழுதி வைக்கிற வேலை. அந்த வேலைக்குப் போவதற்கான கடிதத்திலோ, தன் வார்டில் அவள் கண்ட பெரிய குறையை எழுத இடமில்லாமல் போயிற்று. இடமில்லாமல் செய்தது யார் என்று யோசித்தால் ஒருவரையும் சுட்ட முடியவில்லை.

அவள் முதலில் எழுதிய வடிவத்தில் அந்தக் குறை இருந்தது. தென்மாவட்டத்துத் தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் நர்ஸுகளுக்குப் பகலில் ஆறு மணி நேரம், இரவில் பன்னிரண்டு மணி நேரம் என்று டியூட்டி ஓடும். இரவு எட்டு மணிக்கு ஹேண்ட் ஓவர் வாங்கினால் காலை எட்டுக்குத்தான் கொடுக்க முடியும். வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளி ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பது எல்லோரும் ஒப்புக்கொள்ளும் அளவு. இரவில் யாராவது லீவு போட்டால் ஒருத்திக்கு இரண்டு பேர் ஆகும், சில நாள் மூன்று பேர். “இன்னைக்கு மட்டும் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா” என்று இன்சார்ஜ் சிஸ்டர் சொல்வார். அவருக்கும் வேறு வழி கிடையாது. கழுத்திலோ மார்பிலோ போட்டிருக்கும் சென்ட்ரல் லைனில் மருந்து ஏற்றுவதற்கு முன், அதன் வாய்ப்பகுதியான ஹப்பை ஸ்பிரிட் துணியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். பதினைந்து வினாடி தேய்த்து, அது காயும்வரை காத்திருக்க வேண்டும் என்பது பழக்கம். ஒரு ராத்திரியில் ஒரு நோயாளிக்கே இது இருபது முப்பது தடவை வரும். பக்கத்துக் கட்டிலில் அலாரம் அடித்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பதினைந்து வினாடி ஐந்தாகும், பிறகு ஒரு துடைப்பாகும். மூடி போடாத ஹப் ஒன்று கட்டில் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்ததை விடியற்காலையில் பார்த்ததாகச் சொன்னாள். லைன் போட்ட இடத்தில் ஒட்டியிருக்கும் ஒளிபுகும் பிளாஸ்திரியில் பேனாவால் எழுதிய தேதி வியர்வையில் அழிந்துபோய், லைனை என்றைக்குப் போட்டார்கள், பிளாஸ்திரியை என்றைக்கு மாற்றினார்கள் என்றே தெரியாமல் இருந்த நோயாளிகளையும் சொன்னாள். தொற்று அங்கேதான் நுழைகிறது. நர்ஸின் அலட்சியத்தைவிட, ஆட்கள் இல்லாத ராத்திரிதான் அதற்குக் கதவைத் திறந்துவிடுகிறது என்பது அவள் வாதம். ஆட்கள் குறையும்போது தொற்று கூடுவதைப் பல நாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன. அவளுடைய முதல் வடிவத்தில் இது ஒரு முழுப் பத்தி.

அந்தப் பத்தி எங்கெல்லாம் போகும் என்று எனக்குத் தெரியும். இடமாற்றம் கேட்டு வரும் கடிதம் மனிதவளத் துறையில் உட்கார்ந்திருப்பதில்லை. அங்கிருப்பவர் முதலில் பார்ப்பது காரணத்தை அல்ல. இந்தப் பிரிவில் எத்தனை வருடம், கடைசி மதிப்பீடு எப்படி, மெமோ ஏதும் உண்டா, பாண்ட் முடிந்துவிட்டதா, கேட்கிற பிரிவில் அனுமதிக்கப்பட்ட இடம் காலியாக இருக்கிறதா. இதெல்லாம் சரியென்றால் ‘தங்கள் கருத்துக்கு’ என்று நர்சிங் சூப்பரின்டெண்டென்டுக்கு அனுப்பிவிடுவார். அவர் ரோஸ்டரை விரித்துவைத்து, இவள் போனால் அந்த இரவுகளுக்கு யார் என்று பார்ப்பார். பிறகு இன்சார்ஜ் சிஸ்டரைக் கூப்பிடுவார். காலையில் அனுப்பிய கடிதம் மதியத்துக்குள் அந்த சிஸ்டரின் கையில் இருக்கும். ‘இரவில் ஆள் போதவில்லை, தொற்று வருகிறது’ என்ற வரியை அவர் எப்படிப் படிப்பார்? தன்மேல் புகார் என்றுதான். கோரிக்கையை நிர்வாகம் மறுத்துவிட்டால், அதே சிஸ்டர் போடும் ரோஸ்டருக்குத்தான் இவள் அடுத்த மாதம் திரும்ப வேண்டும். கோரிக்கைக்கு ஒரு ஃபைல், புகாருக்கு ஒரு ஃபைல் என்றுதான் அலுவலகங்கள் வைத்திருக்கின்றன. இரண்டும் ஒரே தாளில் வந்தால் கோரிக்கை நின்றுபோகும். புகாரையும் யாரும் விசாரிக்க மாட்டார்கள். ‘போக விரும்புகிறவள் எதையாவது சொல்லத்தான் செய்வாள்’ என்று அது தள்ளுபடியாகும். அதனால்தான் இந்த மாதிரிக் கடிதம் எழுதத் தெரிந்த எல்லோரும், இருக்கும் இடம் தன்னைத் தள்ளுவதைச் சொல்லாமல், போகும் இடம் தன்னை இழுப்பதை மட்டும் எழுதுகிறார்கள். நானும் அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொன்னேன். கோரிக்கை நடக்க வேண்டும் என்றால் அதுதான் சரி என்று இன்றும் நினைக்கிறேன். நெருடல் மட்டும் போகவில்லை.

இடுப்பு வலியும் அந்த முதல் வடிவத்தில் இருந்தது. நினைவில்லாத நோயாளியைக் கட்டிலில் மேலே இழுத்துப் போடுவதும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதும் ஆறு வருடம் செய்தவளுக்குக் கீழ்முதுகு டிஸ்க் சற்றுப் பிதுங்கியிருக்கிறது. ஸ்கேன் இருக்கிறது, டாக்டரின் குறிப்பும் இருக்கிறது. “இதைவிட நியாயமான காரணம் என்ன மாமா இருக்கு?” என்று கேட்டாள். நியாயமான காரணம்தான். ஆனால் அதை எழுதிய நிமிடத்திலிருந்து கடிதத்தின் தன்மை மாறிவிடுகிறது. இடமாற்றக் கோரிக்கையாக வந்தது உடல்தகுதி பற்றிய கேள்வியாகிவிடும். மருத்துவக் குழுவிடம் அனுப்புவார்கள். ‘கனமான வேலைக்கு ஏற்றவரல்ல’ என்று ஃபைலில் ஒரு வரி ஏறும். கேட்ட இடம் கிடைக்காமல் வேறெங்காவது உட்காரும் வேலையில் போடவும் அந்த வரியே போதும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பணிக்காலத்தில் ஒருவருக்குக் குறைபாடு ஏற்பட்டால் அவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி குறைக்கவோ கூடாது, அதே சம்பளத்தில் பொருத்தமான வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்கிறது. ஆனால் அந்தப் பிரிவு அரசு நிறுவனங்களைத்தான் பேசுகிறது. தனியார் மருத்துவமனை நர்ஸின் டிஸ்க் பிதுக்கத்துக்கு அது காவலாக நிற்காது. வலி தாங்கவே முடியாத நிலை என்றால் அதை மட்டும் சொல்லி, சான்றிதழோடு, தனிக் கடிதமாக எழுத வேண்டும். வலி இருக்கிறது, அதே நேரத்தில் இந்த வேலையில் உண்மையாகவே விருப்பமும் இருக்கிறது என்றால், இரண்டையும் கலந்தால் விருப்பத்தை ஒருவரும் நம்பமாட்டார்கள். அவள் யோசித்துவிட்டு வலியை எடுத்தாள்.

இந்த இடத்தில் வேறொரு வகைக் கடிதத்தைச் சொல்லாமல் போக முடியாது. ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்று ஒரே வரியில் மாற்றம் கேட்கும் பெண்களின் கடிதங்கள் என் மேசைக்கு வந்ததுண்டு. வேலை பற்றி ஒரு சொல் இருக்காது, போகும் பிரிவைப் பற்றியும் இருக்காது. எங்கே என்றாலும் சரி என்று முடிந்திருக்கும். இருக்கும் இடத்தில் ஒருவனுடைய தொல்லை தாங்காமல் எழுதும் கடிதம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அதை இடமாற்றக் கோரிக்கையாகவே வாங்கி முடித்துவிட்டால், அவளாக விரும்பிப் போனாள் என்றுதான் பதிவேடு சொல்லும்; அவன் அங்கேயே இருப்பான். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. உள்ளகக் குழுவிடம் புகார் கொடுத்தவர் எழுத்துமூலம் கேட்டால், விசாரணை நடக்கும்போதே அவரையோ எதிர்த்தரப்பையோ வேறு இடத்துக்கு மாற்றும்படி குழு நிர்வாகத்துக்குப் பரிந்துரைக்கலாம்; மூன்று மாதம்வரை விடுப்பும் பரிந்துரைக்கலாம். மாற்றப்பட வேண்டியது அவனாகவும் இருக்கலாம் என்பதைச் சட்டமே சொல்லியிருக்கிறது. புகார் கொடுக்கச் சம்பவம் நடந்து மூன்று மாதம் என்ற கெடு உண்டு. இடமாற்றம் கிடைத்தால் போதும் என்று காத்திருக்கும் காலத்தில் அந்தக் கெடு ஓடிவிடுகிறது. காரணத்தை எழுதாமல் விடுவது சில நேரம் காரியம் நடக்க உதவும் என்றேன்; இங்கே அப்படி விடுவது எழுதியவளுக்கே எதிராகத் திரும்புகிறது.

என் அக்கா மகளின் விஷயம் அதுவல்ல. அவளுக்குப் போகும் இடத்தின்மேல் உள்ள ஈர்ப்பு உண்மையானது, அதற்குச் சாட்சியும் இருந்தது. ஒவ்வொரு வார்டிலும் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவோடு பேசுவதற்கென்று ஒரு நர்ஸை வைத்திருப்பார்கள். லிங்க் நர்ஸ் என்பார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் அந்தப் பொறுப்பு இவளிடம் இருந்தது. தினமும் ஒரே நேரத்தில் வார்டைச் சுற்றி, எத்தனை பேருக்குச் சென்ட்ரல் லைன் இருக்கிறது என்று எண்ணிக் குறிக்க வேண்டும். இன்று பதினொன்று, நாளை பத்து என்று மாதம் முழுக்கக் கூட்டினால் வருவது லைன் நாட்கள். ஒரு மாதத்தில் 310 லைன் நாட்கள், அதில் இரண்டு ரத்தத் தொற்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டை 310ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 6.45. ஆயிரம் லைன் நாளுக்கு இத்தனை தொற்று என்பதே அந்த வார்டின் அளவு. லைன் போட்ட முதல் இரண்டு நாளில் வரும் தொற்றை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை; மூன்றாம் நாளிலிருந்து வருவதுதான் சேரும். அதனால்தான் பிளாஸ்திரியில் அழிந்த தேதி அவ்வளவு முக்கியம். லைன் போட்ட தேதி இல்லையென்றால் தொற்று எத்தனையாவது நாளில் வந்தது என்று சொல்ல வழியில்லை. அதே மாதத்தில் இன்னும் ஒரே ஒரு தொற்று வந்திருந்தால் 6.45 என்பது 9.68 ஆகிவிடும். சின்ன வார்டில் ஒரு மாத எண்ணைப் பார்த்துக் குதிக்கவும் கூடாது, பயப்படவும் கூடாது. இதைப் புரிந்துகொண்டு பேசுகிறவளுக்கு அந்த வேலையின் பாதி வந்துவிட்டது. ‘தொற்றுக் கட்டுப்பாட்டில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு’ என்ற வரியை எடுத்துவிட்டு, ‘கடந்த வருடம் முழுவதும் எங்கள் பிரிவின் லைன் நாட்களைத் தினமும் காலையில் எண்ணிப் பதிந்தது நான், அந்த ஏடுகள் பிரிவில் உள்ளன’ என்று எழுதினாள். ஆர்வம் என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஏட்டைப் போய்ப் புரட்டிப் பார்க்கலாம்.

கற்றுக்கொள்ளத் தயார் என்ற பகுதியில்தான் நாங்கள் அதிக நேரம் உட்கார்ந்தோம். ‘எந்தப் பயிற்சிக்கும் தயாராக இருக்கிறேன்’ என்று முதலில் இருந்தது. அந்த வரியைப் படிக்கும் அதிகாரிக்கு அதிலிருந்து ஒரு செய்தியும் கிடைப்பதில்லை. யார் சொல்லிக்கொடுப்பது, எத்தனை நாள், அதுவரை இவள் வேலையை யார் பார்ப்பது என்ற மூன்று கேள்விகளும் அப்படியே நிற்கும். உனக்கு என்ன தெரியாது என்று முதலில் எழுது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு எழுத ஆரம்பித்தாள். கல்ச்சர் ரிப்போர்ட்டில் எந்தக் கிருமிக்கு எந்த மருந்து வேலை செய்யும் என்பது தெரியும். தோலிலிருந்து கலந்த கிருமியா, உண்மையான ரத்தத் தொற்றா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. தன் வார்டின் கணக்குத் தெரியும். அறுவை அரங்கு, டயாலிசிஸ், ஸ்டெரிலைசேஷன் அறை எதையும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. மருத்துவக் கழிவை மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரிக்கும் 2016 விதிகள் தெரியும். அதற்கான பதிவேடுகளைப் பராமரித்ததில்லை. கடைசியாக, பெரிய சர்ஜன் ஒருவர் கையைச் சுத்தம் செய்யாமல் நோயாளியைத் தொட்டால் அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாது என்றாள். அதைக் கடிதத்தில் எழுதலாமா என்று தயங்கினாள். எழுதச் சொன்னேன். தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸின் வேலையில் கடினமானது அதுதான். புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவதும் அங்கேதான். அதைத் தெரியாதவற்றின் பட்டியலில் தானாகவே சேர்த்திருப்பவள் வேலையைப் புரிந்துகொண்டு கேட்கிறாள் என்று அந்தப் பிரிவின் டாக்டருக்குத் தெரிந்துவிடும்.

தெரியாதது வரிசையாக வந்ததும் பயிற்சித் திட்டம் தானாக அமைந்தது. அந்தப் பத்தி ஏறத்தாழ இப்படி இருந்தது: ‘முதல் மாதம் வாரத்தில் இரண்டு பகல் டியூட்டி தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸுடன் இருந்து பார்க்கிறேன்; மீதி நாட்களில் என் பிரிவிலேயே பணி செய்கிறேன். இரண்டாம் மாதம் மைக்ரோபயாலஜி ஆய்வகத்திலும் ஸ்டெரிலைசேஷன் பிரிவிலும் கற்றுக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். மூன்றாம் மாதம் ஒரு வார்டின் மாதாந்தர அறிக்கையை நானே தயாரித்துத் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு முன் வைக்கிறேன். அது குழுவுக்குத் திருப்தி தராவிட்டால் என் பழைய பணிக்கு, இப்போதுள்ள பதவியிலும் பணிமூப்பிலும் திரும்பச் சம்மதம்.’ கடைசி வாக்கியத்தில் ‘இப்போதுள்ள பதவியிலும் பணிமூப்பிலும்’ என்பதை நான் சேர்க்கச் சொன்னேன். திரும்பி வருகிறேன் என்று சும்மா எழுதிக் கொடுத்தவர்களைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கீழே நிறுத்தியதை என் காலத்தில் பார்த்திருக்கிறேன். கற்றுக்கொள்ளத் தயார் என்பது பணிவைக் காட்டும் இடம்தான். ஆனால் தனக்குள்ள ஆறு வருடத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுவதற்கான இடம் அல்ல. பணத்தையும் மறைக்காமல் பேசிவிடுவது நல்லது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான அலவன்ஸும் இரவுப்படியும் மாறியதும் நின்றுவிடும். அது தெரிந்தே கேட்கிறேன், பயிற்சிக் காலத்தில் அந்தப் பிரிவில் செய்யும் டியூட்டிகளுக்கு மட்டும் கிடைக்க வேண்டும் என்று ஒரு வரி வைத்தாள். கடிதம் மனிதவளத் துறைக்கு, நகல் இன்சார்ஜ் சிஸ்டருக்கு. அனுப்புவதற்கு முந்தின நாள் அந்த சிஸ்டரை நேரில் பார்த்துச் சொல்லியும்விட்டாள். அடுத்த மாத ரோஸ்டர் போடும் வாரத்தைத் தவிர்த்தாள்.

எழுதாமல் விட்ட பத்திக்கு இப்போது வருகிறேன். ஆட்கள் குறைந்த ராத்திரியில் அந்தப் பதினைந்து வினாடி ஐந்தாகிறது என்ற பத்தி. அதை எடுத்துவிட்டு எழுதியதால் கடிதம் சீக்கிரம் நகர்ந்தது. ஆனால் அவள் இடத்துக்கு வரும் பெண்ணுக்கு, முன்னால் இருந்தவள் ஏன் போனாள் என்று ஃபைல் சொல்லாது. தொற்றுக் கட்டுப்பாட்டில் ஆர்வமாக இருந்தாள், போனாள் என்றே இருக்கும். ஒரு பிரிவிலிருந்து தொடர்ந்து ஆட்கள் மாற்றம் கேட்டுப் போனாலும், ஒவ்வொருவரும் போகும் இடத்தைப் புகழ்ந்தே எழுதியிருப்பதால், விட்டுப்போகும் இடத்தில் என்ன நோய் என்று நிர்வாகத்துக்கு எந்தக் கடிதத்திலிருந்தும் தெரிய வராது. என் பணிக்காலம் முழுக்க இந்த மாதிரிக் கடிதங்களைத் தனித்தனியாகத்தான் படித்தோம். பிரிவுவாரியாக அடுக்கி, எங்கிருந்து அதிகம் பேர் கிளம்புகிறார்கள் என்று பார்க்கும் வழக்கம் எங்களுக்கு இருந்ததில்லை. பார்த்திருந்தால் காரணங்கள் எழுதப்படாமலே தெரிந்திருக்கும். எழுத முடியாததைச் சொல்லும்படி எழுதியவரைக் கட்டாயப்படுத்துவதைவிட, எண்ணிக்கையைப் பார்ப்பது நிர்வாகத்தின் வேலை என்று இப்போது தோன்றுகிறது.

பத்து நாளில் பதில் வந்தது. மூன்று மாதப் பயிற்சிக்கு அனுமதி. மாற்று ஆள் சேரும்வரை மாதம் நான்கு இரவு பழைய பிரிவில். பதவி, பணிமூப்பு பற்றிய வரிக்கு ஒப்புதல். அலவன்ஸ் பற்றிப் பிறகு தெரிவிக்கப்படும். அந்த நான்கு இரவைப் பற்றி அவள் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. லைன் நாட்களை எண்ணும் தாளில் தேதி, லைன் எண்ணிக்கை, புதிதாகப் போட்டது, எடுத்தது என்று நான்கு கட்டங்கள் உண்டு. ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டு, அன்று இரவு டியூட்டியில் எத்தனை நர்ஸ், எத்தனை வென்டிலேட்டர் என்று குறிக்கலாமா என்று தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவு டாக்டரிடம் கேட்டிருக்கிறாள். ஆறு மாதமாவது குறித்தால்தான் ஏதாவது சொல்ல முடியும், அதுவரை யாரிடமும் எதையும் முடிவாகப் பேசக்கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறார். இன்னொன்றும் சொன்னாராம்: ஒழுங்காக எண்ண ஆரம்பித்தால் முதலில் தொற்று கூடியதுபோலத்தான் தெரியும், இதுவரை விட்டுப்போனதெல்லாம் கணக்கில் வரும், நிர்வாகம் கேள்வி கேட்கும், அதற்குத் தயாராக இரு. கடிதத்தில் இடம் கிடைக்காத பத்தி அந்த ஐந்தாவது கட்டத்தில் இலக்கமாக ஏறுமா, ஏறினால் குழு அதைப் படிக்குமா என்று எனக்குத் தெரியாது. தாளை அச்சடிக்கக் கொடுத்திருக்கிறார்கள்.